பிரேயர் ரூம் கதவுல ஒட்டின 14 ரூல்ஸ் பத்தி ஒரு திறந்த மடல்

எச்ஆர் மேடத்துக்கும் பிளான்ட் ஹெட் சாருக்கும் ஒர்க்ஸ் கமிட்டியில இருக்கற அண்ணன் அக்காங்களுக்கும் வணக்கம்ங்க.

நான் மெயின்டனன்ஸ்ல எலக்ட்ரிகல் பாக்கறவன். பேரு வேணாம், எழுத்தப் பாத்தாலே பாதி பேருக்கு தெரிஞ்சிடும். போன திங்கக்கிழமை செகண்ட் ஃப்ளோர் பிரேயர் ரூம் கதவுல ஒரு நோட்டீஸ் ஒட்டினீங்க இல்லைங்களா, 14 ரூல், கீழ "மீறினால் ஒழுங்கு நடவடிக்கை"னு தடிமனா. அத ஒட்டினதுல இருந்து கேன்டீன்ல வேற பேச்சே இல்ல. பாய் ஒரு பக்கம் மூஞ்ச தூக்கி வச்சிருக்காரு, பேக்கிங் அக்கா ஜெபத்துக்கு போறதையே விட்டுட்டாங்க, எங்க ஐயப்ப சாமிங்க குரூப்புல "நமக்கு மட்டும் ஏன் தடை"னு ஓடுது. ஆக எல்லாருக்கும் சமமா கோவம் வர மாதிரி ஒரு நோட்டீஸ் போட்டிருக்கீங்க, அதுவரைக்கும் பாரபட்சம் இல்ல.

நோட்டீஸே வேணாம்னு நான் சொல்ல வரல. ரூல் வேணும், அது வேணும்ங்கற நிலைமைய கொண்டுவந்ததுல எனக்கே பெரிய பங்கு இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி கார்த்திகை மாசம் மாலை போட்டிருந்தேன், பி ஷிஃப்ட், சாயங்காலம் அந்த ரூம்ல தட்டுல ரெண்டு வில்லை சூடம் ஏத்தி சரணம் சொல்லிட்டு இருந்தேன், மூணாவது நிமிஷம் ஃபயர் அலாரம் அடிச்சு மூணு லைனும் நின்னு மொத்த ஷிஃப்டும் அசெம்பிளி பாயின்ட்ல போய் நின்னுச்சு. அந்த டிடெக்டர மாட்டினதே நான்தான். "மெயின்டனன்ஸ் சாமி அலாரம் சாமி ஆயிட்டாரு"னு இன்னிக்கும் ஓட்டறாங்க.

அதனால உங்க ரூல் 3, "தீபம், சூடம், ஊதுபத்தி கூடாது", அது சரிதாங்க, ஆனா ஏன்னு ஒரு வரி சேத்து போடுங்க. அந்த டிடெக்டர் புகைத் துகள் மேல பட்டு சிதறற வெளிச்சத்த பாத்து அடிக்கற டைப், அதுக்கு சாமி சூடமா ஷார்ட் சர்க்யூட்டானு வித்தியாசம் தெரியாது. சூடம் எரியறப்ப கரும்புகை ஜாஸ்தி, ஃபால்ஸ் சீலிங்கும் தாழ்வா இருக்கு, புகை நேரா மேல போய் டிடெக்டர்ல முட்டும். காரணம் போடலைன்னா என்ன ஆகும்னா, போன பொங்கல் லீவு முடிஞ்சு செக் பண்ணப் போனேன், யாரோ டிடெக்டருக்கு கையுறைய மாட்டி ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்காங்க. இதுல பயம் என்னன்னா, அப்படி மூடி வச்சா பேனல்ல ஒரு ஃபால்ட்டும் காட்டாது, பச்சை லைட்டு பாட்டுக்கு மினுக்கிட்டு இருக்கும், நாமளும் எல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சிட்டு இருப்போம். நிமிந்து பாத்தாதான் தெரியும். எத்தன நாள் அப்படி இருந்துச்சுன்னு எனக்கே தெரியல. விளக்கு வேணும்னா பேட்டரி விளக்கு வச்சுக்கங்க, நான் இப்ப அதத்தான் வச்சிருக்கேன், சாமி கோவிச்ச மாதிரி தெரியல.

இந்த ஒரு ரூல் ஏன் நிக்குதுன்னா அது புகைய பாத்து எழுதினது. யாரு ஏத்தினாலும் புகை புகைதான். மத்ததுல பாதி ரூல் ஆள பாத்து, அவன் சாமிய பாத்து எழுதினது, சண்ட அங்கதான் வருது. பெரிய சண்ட ரூல் 5, அந்த டைம் டேபிள். "இந்து 5.30 – 5.45, கிறிஸ்தவர் 5.45 – 6.00, இஸ்லாமியர் 6.00 – 6.20, மற்றவர் 6.20 – 6.35". பாக்க ரொம்ப நியாயமா இருக்கு, ஆளுக்கு ஒரு துண்டு. ஆனா சூரியன் நம்ம எச்ஆர் கட்டுப்பாட்டுல இல்லீங்களே.

பி ஷிஃப்ட்ட எடுத்துக்குங்க, மதியம் 2 மணியில இருந்து ராத்திரி 10.30. டீ பிரேக் 6.00 – 6.15. இந்த டேபிள் எழுதினது நவம்பர்ல. நம்ம கிருஷ்ணகிரி பக்கம் நவம்பர்ல சூரியன் 5.50 வாக்குல மறையும், மறைஞ்ச உடனே மஃரிப் தொழுகை நேரம் ஆரம்பிக்கும், டீ பிரேக்ல பாய் கை கால் மூஞ்சி கழுவி ஒளு செஞ்சு தொழுதுட்டு டீயும் குடிச்சிட்டு வந்துடுவாரு. அதனால 6.00 – 6.20 பிரமாதமா பொருந்தும். பிப்ரவரி நடுவுல சூரியன் மறையவே 6.20 தாண்டிடும். ஜூன் ஜூலையில 6.45. அப்ப உங்க டேபிள்படி பாய்க்கு ஒதுக்கின நேரத்துல அவரு தொழ முடியாது, ஏன்னா நேரமே வரல, நேரம் வரப்ப ரூம் வேற ஆளோடது. ரூல மீறணும், இல்ல தொழுகைய விடணும். பத்து நிமிஷம் முன்னாடி தொழுதுக்கறதுன்னு மஃரிப்ல கிடையாது. பின்னாடி தள்ளலாம், ஆனா செவ்வானம் மங்கறதுக்குள்ள முடிச்சிடணும், ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேலதான் டைம்.

மஃரிப் தவிர மத்ததுக்கு உங்க டேபிளே தேவையில்லீங்க. ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு லஞ்ச் 12.45, அதுக்குள்ள மதியத் தொழுகை லுஹர் நேரம் வருஷம் பூரா ஆரம்பிச்சிருக்கும். ஏ ஷிஃப்ட் ஆளுங்க 2.30க்கு முடிச்சிட்டு பஸ் எடுக்கறதுக்கு முன்னாடி லுஹர் தொழுதுடலாம், பஸ் 2.45க்குத்தான். சாயங்காலத் தொழுகை அஸர் மட்டும் கொஞ்சம் சிக்கல், நம்ம கிருஷ்ணகிரி ஓசூர் பக்கத்து உருது பேசற பாய்ங்க பெரும்பாலும் ஹனஃபி வழிமுறை, ராமநாதபுரத்துல இருந்து வந்திருக்கற ஸ்டோர்ஸ் தம்பி ஷாஃபி, ஷாஃபிக்கு அஸர் ஆரம்பிச்சு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழிச்சுதான் ஹனஃபிக்கு ஆரம்பிக்கும். "இஸ்லாமியர்"னு ஒரே கட்டத்துல போட்டீங்களே, உள்ளயே ரெண்டு நேரம் இருக்கு. ஆனா அதுக்கு டேபிள் வேணாம், ஒருத்தர் ஒருத்தரா போய் அஞ்சு நிமிஷத்துல வர்றாங்க, இத்தன வருஷத்துல ஒரு பிரச்சன இல்ல.

அதனால நான் கேக்கறது இதுதான். மதம் மதமா போட்ட டேபிள எடுத்துடுங்க. மஃரிப் ஒண்ணுக்கு மட்டும், மறையற நேரத்துல இருந்து 20 நிமிஷம், கூட்டா தொழறவங்களுக்கு முன்னுரிமைன்னு போடுங்க. கடிகார நேரம் போட வேணாம், பள்ளிவாசல்ல வருஷ நேர அட்டை தருவாங்க, அத பாய் கிட்ட வாங்கி நோட்டீஸ் பக்கத்துல ஒட்டிட்டா போதும். டீ பிரேக்குக்கு வெளிய மஃரிப் விழற மாசங்கள்ல, அதாவது ஜனவரி கடைசியில இருந்து ஆகஸ்ட் செப்டம்பர் வரைக்கும், லைன் லீடர் ரிலீவர் போட்டு ஒரு தடவைக்கு ரெண்டு பேர அனுப்பட்டும். நான் சும்மா கணக்கு போட்டு பாத்தேன், லைன்ல இருந்து மாடிக்கு நடக்க ரெண்டு நிமிஷம், ஒளு மூணு, மூணு ரக்அத் அஞ்சு, திரும்பி வர ரெண்டு, மொத்தம் 12 நிமிஷம். அதே 12 நிமிஷத்த அவரு டீ பிரேக்ல கழிச்சுக்கட்டும், 6 மணிக்கு லைன்ல நின்னுட்டு 6.45க்கு போகட்டும். யாருக்கும் எதுவும் ஓசியில போகல, "அவங்களுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா பிரேக்கா"ங்கற பேச்சும் அடங்கிடும்.

அதே மாதிரி வேற யாருக்காவது கூட்டா 20 நிமிஷம் வேணும்னா அதுவும் கிடைக்கணும். அக்டோபர்ல ஜெபமாலை சொல்றவங்க இருக்காங்க, எலத்தகிரி பக்கத்துல இருந்து வர அக்காங்க நாலஞ்சு பேரு, அம்பத்து மூணு மணி சொல்லி முடிக்க அவங்களுக்கும் சரியா 20 நிமிஷந்தான் ஆகுது. மாலை போட்ட எங்களுக்கும் அப்படித்தான். அக்கவுண்ட்ஸ்ல இருக்கற ஜெயின் அண்ணனுக்கு மட்டும் சாமாயிக்னா 48 நிமிஷம் அசையாம உக்காரணும், உங்க டேபிள்ல அவர "மற்றவர்"னு போட்டு கால் மணி நேரம் குடுத்திருக்கீங்க, பாவம் மனுஷன். அவரு பாட்டுக்கு காலைல எட்டு மணிக்கே வந்து முடிச்சிட்டுத்தான் கம்ப்யூட்டர ஆன் பண்றாரு, அந்த நேரத்துக்கு ரூம் காலி, விட்டுடுங்க.

அடுத்தது ரூல் 6, "அனைவரும் ஜன்னல் சுவரை நோக்கி அமரவும், அதிகபட்சம் 8 பேர்". இத எழுதினவரு நல்ல எண்ணத்துலதான் எழுதியிருப்பாரு, எல்லாரும் ஒரே பக்கம் பாத்தா யாரும் யாரையும் பாக்க வேணாம்னு. ஆனா கிப்லானு ஒண்ணு இருக்கு, மெக்கா பக்கம். நம்ம ஊர்ல பொதுவா "மேற்கு"னு சொல்லிடுவாங்க, கிருஷ்ணகிரியில இருந்து கணக்கா பாத்தா நேர் மேற்குல இருந்து வடக்குப் பக்கமா ஒரு 19 டிகிரி. இது போதாதுன்னு நம்ம பில்டிங்கே நேரா நிக்கல, மேற்குச் சுவர்னு நாம சொல்ற அந்த ஜன்னல் சுவர் தெற்குப் பக்கமா 25 டிகிரி திரும்பி இருக்கு. ரெண்டையும் கூட்டிப் பாருங்க, 44. சுவர பாத்து இல்ல, கிட்டத்தட்ட மூலைய பாத்து நிக்கணும்.

இது எப்படி தெரியும்னு கேப்பீங்க. முதல்ல ஆளாளுக்கு போன்ல காம்பஸ் வச்சு பாத்தாங்க, ஒவ்வொரு போனும் ஒவ்வொரு திசை காட்டுச்சு, ஏன்னா அந்த ரூம் சுவருக்குப் பின்னாடிதான் டிஸ்ட்ரிபியூஷன் போர்டும் ஸ்டீல் ரேக்கும் இருக்கு, முள்ளு அந்தப் பக்கம் இழுத்துக்கும். ரெண்டு அடி நகந்து நின்னா வேற திசை வருதுன்னா காம்பஸ நம்பக்கூடாதுன்னு அர்த்தம். அப்பதான் பாய் ஒரு விஷயம் சொன்னாரு, வருஷத்துல ரெண்டு தடவை சூரியன் காபாவுக்கு நேர் உச்சியில வரும், மே 28 வாக்குல நம்ம டைம் மதியம் 2.48க்கு, அப்புறம் ஜூலை 16 வாக்குல 2.57க்கு, அந்த நிமிஷம் சூரியன் இருக்கற பக்கம்தான் கிப்லா. போன மே மாசம் ஸ்க்ராப் யார்ட்ல மூணு அடி ஜிஐ பைப்ப தூக்குக்குண்டு வச்சு செங்குத்தா நட்டோம், 2.48க்கு நிழல் நுனியில சாக்பீஸ்ல புள்ளி வச்சு நுனியில இருந்து பைப் அடிக்கு கோடு இழுத்தோம், அந்தக் கோட்டுக்கும் பில்டிங் சுவருக்கும் இருக்கற கோணத்த அளந்து மேல கொண்டு போய் தரையில குறிச்சோம். செக்யூரிட்டி அண்ணன் வந்து என்னடா பூஜையானு கேட்டாரு, மாலை போடற ஆளும் பாயும் சேந்து வெயில்ல கோடு போட்டா பின்ன என்னன்னு நெனப்பாரு.

அந்த குறிய நீங்க ரூல் 8 படி "மதச் சின்னம்"னு சொல்லி அழிக்க சொல்லியிருக்கீங்க. மேடம், அது ரெண்டு இஞ்ச் அம்புக்குறி, தரை ஓரத்துல இருக்கு, ஃபயர் எக்ஸிட் அம்பு மாதிரி ஒரு அம்பு. யாரையும் கும்பிட சொல்லல. அத விட்டுடுங்க. இடக் கணக்கும் அதோட சேந்ததுதான், ரூம் 10க்கு 12 அடி, முசல்லா, அதான் தொழுகை விரிப்பு, ஒண்ணு ரெண்டேகால் அடி அகலம் நாலு அடி நீளம் எடுத்துக்கும், நேரா விரிச்சா ஆறு பேரு தாராளமா நிப்பாங்க, மூலை பாத்து கோணலா விரிச்சா நாலு, நெருக்கினா அஞ்சு. இது பின்னாடி ரெண்டு நாற்காலிக்கு இடம் விட்டுட்டு போட்ட கணக்கு. எட்டுங்கற கணக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல, அஞ்சுக்கு மேல வந்தா ரெண்டு பேட்ச்னு போடுங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆவ இந்த ரூம்ல யாரும் கேக்கல, அது பள்ளிவாசல்ல தொழறது, அதுக்கு லஞ்ச்ச முன்ன பின்ன மாத்தித் தர பழைய ஏற்பாடே இருக்கட்டும்.

அந்த ரெண்டு நாற்காலிய ஏன் சொன்னேன்னா ரூல் 9. "பிரார்த்தனை செய்வோர் வந்தால் ஓய்வில் இருப்போர் வெளியேற வேண்டும்". ரூம் பேரே பிரேயர் அண்ட் சைலன்ஸ் ரூம்னு தானே போர்டுல இருக்கு. இன்ஸ்பெக்ஷன்ல ஒரு பொண்ணுக்கு ஒத்தத் தலைவலி வரும், மைக்ராஸ்கோப் பாக்கற வேலை, வந்துச்சுன்னா லைட்ட அணைச்சிட்டு கால் மணி நேரம் கண்ண மூடி உக்காந்தாதான் திரும்ப வேலை பாக்க முடியும். சாமி கும்பிடாத ஆளுங்களும் இருக்காங்க, அப்பா தவறின வாரம் ஒருத்தன் அங்க வந்து சும்மா உக்காந்துட்டு போனான். அவங்கள எழுப்பி வெளிய அனுப்பிட்டு சாமி கும்பிட்டா அது என்ன கும்பிடு. நாற்காலி ரெண்டும் எப்பவும் நாற்காலிக்காரங்களோடது, தொழுகை நடந்தாலும் சரி ஜெபமாலை நடந்தாலும் சரின்னு போடுங்க. அத்தர், சென்ட், பத்த வைக்காத ஊதுபத்தி பாக்கெட் இதெல்லாம் அந்த ரூம்ல வேணாம்னு சேருங்க, அந்தப் பொண்ணுக்கு வாசனைதான் முதல் எதிரி. முசல்லாவுக்கு அத்தர் போடறத பாய் கிட்ட நானே சொன்னேன், உடனே நிறுத்திட்டாரு. சேஃப்டி ஷூவ கழட்டின சாக்ஸ் வாசனைக்கு மட்டும் இன்னும் வழி தெரியல.

சத்தம் பத்தி ரூல் 4, "முழு அமைதி, எந்த ஒலியும் கூடாது". இது எழுத ஈஸி, கடைபிடிக்க யாராலயும் முடியாது. லுஹரும் அஸரும் வாய்க்குள்ளயே ஓதறது, ஆனா மஃரிப் கூட்டா தொழுதா முன்னாடி நிக்கறவரு முதல் ரெண்டு ரக்அத்துல வாய்விட்டு ஓதணும். ஜெபமாலையும் ஒருத்தர் பாதி சொல்ல மத்தவங்க மீதி சொல்றது. சரணமும் வாய்விட்டுத்தான். உங்க ரூல் படி எல்லாரும் குத்தவாளி, ஒரு ரூல எல்லாரும் தினமும் மீறினா சூப்பர்வைசருக்கு யார புடிக்காதோ அவன் மட்டும்தான் மாட்டுவான். அதுக்கு பதிலா ஒரு அளவு வைக்கலாம். கதவ சாத்திட்டு வெளிய நின்னா உள்ள பேசற வார்த்தை புரியக்கூடாது, முணுமுணுப்பு கேக்கலாம். இத யாரு வேணாலும் நின்னு பாத்துக்கலாம், மீட்டர் வேணாம். போன்ல பாட்டு, பஜனை, பிரசங்கம், பாங்கு ஆப்னு எதுவும் ஸ்பீக்கர்ல வேணாம், அது யாரோடதா இருந்தாலும். பேக்கிங் அக்கா கொஞ்சம் சத்தமா ஜெபிப்பாங்க, அவங்க சபையில அப்படித்தான். அவங்க கிட்ட யாராவது ஒரு பொம்பளையாளு போய் நேர்ல பேசியிருந்தா முடிஞ்சிருக்கும், எல்லாருக்கும் நடுவுல நோட்டீஸ் ஒட்டினதும் அது தனக்குத்தான்னு அவங்களுக்கு தெரிஞ்சு போச்சு, அதான் வர்றதில்ல.

கடைசியா ரூல் 11. இத எழுதறதுக்கே எனக்கு சங்கடமா இருக்கு, ஆனா அக்காங்க யாரும் எழுத மாட்டாங்க. "சுத்தமாக இல்லாதவர்கள் உள்ளே நுழையக் கூடாது". எழுதினவரு அழுக்கு ஷூவ நெனச்சு எழுதியிருக்கலாம், நம்ம ஊர்ல இந்த வரிய படிக்கற பொம்பளைங்களுக்கு அது என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும் மேடம். போன வாரம் ஒரு தங்கச்சி தலைவலியோட கதவு வரைக்கும் வந்து நோட்டீஸ படிச்சிட்டு திரும்பி படிக்கட்டுல உக்காந்திருந்துச்சு, எதுக்குன்னு நான் கேக்கல, பக்கத்துல இருந்த அக்கா பார்வையிலயே சொல்லிட்டாங்க. யாரு எப்ப கும்பிடலாம் தொழலாம்ங்கறது அவங்க அவங்க நம்பிக்கை, அவங்களே பாத்துப்பாங்க. அத அந்தக் கதவு கேக்கக்கூடாது, அது கம்பெனி ரூம், கருவறை இல்ல. "செருப்பு, ஷூ வெளியே ரேக்கில், ஈரக் கால துடைச்சிட்டு உள்ள வரவும்"னு மாத்துங்க. ஈரக்கால் நெஜமாவே பிரச்சனை, ஒளு செஞ்சிட்டு வாஷ்ரூம்ல இருந்து வர வழி முழுக்க தண்ணி, போன மாசம் ஹவுஸ்கீப்பிங் பாட்டி வழுக்கி விழப் பாத்தாங்க. வாஷ் பேசின்ல கால தூக்கி வச்சு கழுவறதாலதான் தண்ணி தெறிக்குது, ஓரமா முட்டி உயரத்துல ஒரு குழாய், கீழ ஒரு ட்ரெயின், பக்கத்துல ஒரு ரப்பர் மேட். பொருள் வாங்கி குடுங்க, ப்ளம்பிங் தம்பியும் நானும் ஒரு ஞாயித்துக்கிழமையில போட்டுடறோம்.

சாமி படம் பத்தி ரெண்டே வரி. முருகன் காலண்டர் முதல்ல வந்துச்சு, அடுத்த வாரம் வேளாங்கண்ணி மாதா, அப்புறம் மெக்கா ஃப்ரேம், அப்புறம் ஆணி அடிக்க சுவர்ல இடமில்ல. கொண்டு வந்தத கூடவே எடுத்துட்டு போகணும், இல்லன்னா கதவு வச்ச அலமாரியில சாத்தி வைக்கணும், அவ்வளவுதான். முதல் ஆணி அடிச்சது எங்க குரூப்புதான், அந்தக் காலண்டர நேத்தே கழட்டிட்டேன். கழுத்துல போட்ட மாலை, சிலுவை, தலையில தொப்பி, நெத்தி திருநீறு இதெல்லாம் ஆளோட வந்து ஆளோட போறது, ரூல் 8 அதுக்கு கிடையாதுன்னு தெளிவா போடுங்க.

நோட்டீஸ தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் மட்டும் போட்டிருக்கீங்க, ஒடிசா பசங்களும் பீகார் பசங்களும் எத்தன பேரு இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும், இந்தியிலயும் ஒண்ணு ஒட்டுங்க, தெலுங்கு கன்னடத்துக்கு நம்ம பேரிகை பாகலூர் ஆளுங்களே எழுதி தருவாங்க. வர்ற வியாழக்கிழமை கமிட்டி மீட்டிங்ல இத எடுக்கறதா கேள்விப்பட்டேன். அங்க ஒர்க்ஸ் கமிட்டி ஆளுங்க மட்டும் இல்லாம பாய், பேக்கிங் அக்கா, ஜெயின் அண்ணன், அந்த இன்ஸ்பெக்ஷன் பொண்ணு நாலு பேரையும் அரை மணி நேரம் கூப்பிட்டு உக்கார வைங்க. அன்னிக்கு நான் ஏ ஷிஃப்ட், 2.30க்கு மேல ஃப்ரீ. டிடெக்டர் செக்கும் அன்னிக்கே வச்சிருக்கேன், ஏணிய போட்டு கையுறை ஏதும் இல்லைன்னு உங்க கண்ணு முன்னாடியே காட்டிடறேன்.

இப்படிக்கு,
மெயின்டனன்ஸ் சாமி